பெயரும் பரலும்: திருமண நகை வரிசைகளுக்குப் பெயர் சூட்டும் முறை

திருமணப் பருவத்துக்காக ஒரு நகைக்கடை புதிதாகச் செய்து வைக்கும் நகைகள் எல்லாம் சேர்ந்தது தொகுப்பு. அந்தத் தொகுப்புக்குள் ஒரே சாயலில், ஒரே எண்ணத்தில் அமைந்த நகைகள் ஒரு வரிசை. அட்டிகை, ஆரம், தோடு, வளையல், ஒட்டியாணம் என்று பல வகை நகைகள் ஒரே வரிசைக்குள் வரும். தொகுப்பில் நான்கு வரிசைகள் இருந்தால் நான்குக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டதும் வாங்க வந்தவர் மனத்தில் மற்ற மூன்றோடு கலக்காத ஒரு கதை எழ வேண்டும். இந்த வேலையைச் செய்யும் முறை, அதில் நேரும் பிழைகள், அவற்றைக் கண்டுபிடிக்கும் வழி ஆகியவற்றை ஒரு கற்பனைக் கடையின் தொகுப்பை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

வகைப் பெயரும் வரிசைப் பெயரும்

தமிழ் நகைகளுக்குப் பெயர்ப் பஞ்சம் கிடையாது. மாங்காய் வடிவத்தைக் கோத்தது மாங்காய் மாலை. காசைக் கோத்தது காசுமாலை. பவளத்தைக் கோத்தது பவளமாலை. நெற்றியில் தொங்குவது நெற்றிச்சுட்டி, காதிலிருந்து கூந்தலுக்கு மாட்டுவது மாட்டல். வடிவம், பொருள், அணியும் இடம் என்ற மூன்றில் ஒன்றிலிருந்துதான் பெரும்பாலான பெயர்கள் பிறந்திருக்கின்றன. நகையைப் பார்க்காதவருக்கும் பெயர் பாதி விளக்கம் சொல்லிவிடும்.

ஆனால் இவை வகைப் பெயர்கள். எந்தக் கடைக்குப் போனாலும் காசுமாலை காசுமாலைதான். ஒரு கடை தன் தொகுப்புக்குச் சூட்டுவது இதன் மேல் வரும் இன்னொரு பெயர். ‘அரும்பு’ என்பது வரிசைப் பெயரானால், அதில் உள்ள நகை ‘அரும்பு அட்டிகை’, ‘அரும்பு ஜிமிக்கி’ என்று வழங்கும். வரிசைப் பெயர் வகைப் பெயரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதை விரட்டக் கூடாது. ஒட்டியாணத்தைப் புதுப் பெயரால் மட்டும் குறித்தால், பெண்ணின் பாட்டிக்கு எந்த நகையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே தெரியாது. திருமண நகை வாங்க மூன்று தலைமுறை சேர்ந்து வரும் கடையில் இது சிறிய குறை அல்ல.

முதலில் மேசை, பிறகு பெயர்

ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் திருமணங்கள் குறைவு. மார்கழி முடிந்து தை பிறந்ததும் முகூர்த்தங்கள் நெருங்கி வரும். தை முகூர்த்தத்துக்கு நகை வாங்கும் குடும்பங்கள் கார்த்திகையிலேயே கடை ஏறத் தொடங்குவதால், பெயரும் கதை அட்டையும் விலைச்சீட்டும் ஐப்பசிக்குள் முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் பெயர் தேடும் வேலையை ஆவணியில் தொடங்குவது நல்லது. அப்போது மாதிரி நகைகளாவது பட்டறையிலிருந்து வந்திருக்கும். நகை கையில் இல்லாமல் வரைபடத்தை வைத்துப் பெயர் சூட்டினால், பிறகு பட்டறையில் கல்லோ வடிவமோ மாறும்போது பெயர் அந்தரத்தில் நிற்கும்.

கற்பனைக் கடையில் 48 புதிய வடிவங்கள் வந்திருப்பதாகக் கொள்வோம். முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்புச் சீட்டு எழுதுவது. அதில் ஐந்தே செய்திகள்: கண்ணுக்குத் தெரியும் உருவம், செய்த முறை, பதித்த கல் அல்லது கோத்த மணி, உடலில் அணியும் இடம், திருமணத்தில் எந்த நேரத்துக்கு ஏற்றது. அழகு, கம்பீரம், பாரம்பரியம் போன்ற சொற்களுக்குச் சீட்டில் இடமில்லை. அவை எல்லா நகைக்கும் பொருந்தும் என்பதால் எதையும் பிரித்துக் காட்டா.

இப்படி எழுதுவதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் அக்கை குந்தவையும் கொடுத்த நகைகளைக் கோயில் சுவரிலேயே கல்வெட்டாகப் பொறித்திருக்கிறார்கள். நகையின் பெயர், கழஞ்சிலும் மஞ்சாடியிலும் எடை, கோத்த முத்துகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் வருகின்றன. முத்துகளைக்கூட வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, கறடு, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். உருண்டையா, சப்பையா, சொரசொரப்பா, எந்த நிறச் சாயல் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்துப் படிப்பவருக்கும் நகை கண்முன் வருவதற்குக் காரணம், எழுதியவர்கள் பார்த்ததை எழுதியதுதான்.

48 சீட்டுகளும் எழுதி முடிந்ததும் அவற்றைக் குவியல்களாகப் பிரிக்க வேண்டும். இங்கேதான் முதல் தவறு நேர்கிறது. கடைக்காரருக்குப் பழக்கம் எடையால் பிரிப்பது: ஐந்து பவுனுக்கு உட்பட்டவை, பத்துப் பவுனுக்கு உட்பட்டவை, அதற்கு மேல் என்று. பவுன் 8 கிராம் என்பதால் இது கணக்குக்கு வசதி. ஆனால் எடைக்குக் கதை கிடையாது. ஒரே எடைக் குவியலுக்குள் முத்தாரமும் கெம்பு அட்டிகையும் சேர்ந்து கிடந்தால், இரண்டுக்கும் பொருந்தும் பெயர் தேடி, கடைசியில் எதற்கும் பொருந்தாத பெயரில் போய் முடியும். குறிப்புச் சீட்டில் உள்ள ஐந்து செய்திகளில் எந்த ஒன்று அந்த நகையில் ஓங்கி நிற்கிறதோ, அதை வைத்தே குவிக்க வேண்டும்.

இந்தக் கடையில் குவியல்கள் இப்படி அமைகின்றன: முத்து கோத்தவை 11, மல்லிகை அரும்பு வடிவம் உள்ளவை 14, கெம்புக் கல் பதித்த தலை அணிகளும் அவற்றோடு இணையும் அட்டிகைகளும் 9, காசு கோத்த மெல்லிய மாலைகள் 6. மீதி 8 மாங்காய் மாலைகளும் வளையல்களும்.

கதைகள் வெவ்வேறு ஊற்றிலிருந்து வர வேண்டும்

வரிசைகளின் கதைகள் ஒன்றோடொன்று குழம்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எல்லாக் கதைகளையும் ஒரே இடத்திலிருந்து எடுப்பது. நான்கு வரிசைக்கும் நான்கு அரசியர் பெயர் வைத்தால், அல்லது நான்கு பூக்களின் பெயர் வைத்தால், கேட்பவர் மனத்தில் ‘அரசியர் நகை’, ‘பூ நகை’ என்ற ஒன்றே பதியும். எது எதுவென்று நிற்காது. ஆகவே ஒரு வரிசையின் கதை ஓர் ஊரிலிருந்து வந்தால், அடுத்ததன் கதை வடிவத்திலிருந்தும், மூன்றாவது அணியும் இடத்திலிருந்தும், நான்காவது வீட்டு வழக்கத்திலிருந்தும் வரட்டும். ஊற்று மாறினால் கதை தானாகவே மாறும்.

முத்து வரிசைக்கு ஊர் பொருந்துகிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் இருந்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பழைய கடற்பயணக் குறிப்பிலும் அதன் முத்துக்குளிப்பு இடம்பெற்றிருக்கிறது. பின்னர் கடல் விலகியது. இன்று கொற்கை தூத்துக்குடி மாவட்டத்தில் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக இருக்கிறது. கடல் போன பிறகும் முத்தின் பெயரால் நினைக்கப்படும் ஊர் என்பது ஒரு வரிசையைத் தாங்கும் கதை. பெயர் ‘கொற்கை’.

அரும்பு வடிவ வரிசைக்குத் தமிழே ஊற்று. பூவின் பருவங்களுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மணமகள் தலையில் வைக்கும் மல்லிகைச் சரம் மாலையில் அரும்பாகத் தொடுக்கப்பட்டு, இரவில் விரிகிறது. பெயர் ‘அரும்பு’. இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. சிறு தோட்டுக்கு அரும்பு, நடுத்தர அட்டிகைக்கு முகை, முழு ஆரத்துக்கு மலர் என்று வரிசைக்குள்ளேயே படிகளுக்கும் பெயர் கிடைக்கிறது. வீ, செம்மல் இரண்டும் உதிர்ந்த பூவையும் வாடிய பூவையும் குறிப்பதால் அவற்றைத் தொடக் கூடாது.

கெம்புத் தலை அணிகளின் கதை அணியும் இடத்தில் இருக்கிறது. வகிட்டின் வலப்பக்கம் சூரியப்பிறை, இடப்பக்கம் சந்திரப்பிறை. பின்னந்தலையில் ராக்கொடி. தெய்வத் திருமேனிக்கும், பிறகு நடன மேடைக்கும், அங்கிருந்து மணமேடைக்கும் வந்த அணிகள் இவை. பகலும் இரவும் ஒரே நெற்றியின் இரு பக்கம் நிற்கின்றன என்பதை விற்பவர் விரலால் தொட்டுக் காட்டலாம். பெயர் ‘பிறை’.

காசு மாலைகளுக்கு முதலில் ‘பொற்கிழி’ என்ற பெயர் தோன்றக்கூடும். புலவருக்குப் பரிசாகக் கொடுத்த பொன் முடிந்த துணிப்பை அது, சொல்லும் செழிப்பானது. ஆனால் பேச்சில் ‘கிழி’ என்றால் துணி கிழிவதுதான் காதில் விழும். கல்யாண வீட்டில் அது வேண்டாம். அடுத்து வந்த சொல் ‘சிறுவாடு’. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் பெண்கள் மிச்சம் பிடித்து, அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் சேர்த்து வைக்கும் தனிப் பணம். காசுமாலைக்கு இதைவிடப் பொருந்தும் வழக்கம் கிடைப்பது அரிது. ஏனெனில் இந்தக் கடையின் மாலைகளில் பின்னால் காசு சேர்த்துக் கோக்கக் கூடுதல் வளையங்கள் விட்டிருக்கிறார்கள். திருமணத்தன்று பதினொரு காசோடு தொடங்கி, ஆண்டுக்கு ஒரு காசாக வளர்க்கலாம். சேமிப்பின் கதை நகையின் அமைப்பிலேயே இருக்கிறது.

மாங்காய் மாலைகளுக்கும் வளையல்களுக்கும் என்ன பெயர்? எதுவும் வேண்டாம். மாங்காய் வடிவத்துக்குப் பெயர் வைத்தால் அதுவும் செடிகொடிக் கதையாகி ‘அரும்பு’ வரிசையோடு மோதும். அவை தங்கள் வகைப் பெயரிலேயே விற்கட்டும். எல்லா நகைக்கும் வரிசைப் பெயர் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபோதுதான் பெயர் பெற்றவை தனித்து நிற்கும்.

மூன்று வாக்கியக் கதை

பெயர் கிடைத்த பிறகு கதை எழுதுவது பொதுவான பழக்கம். கதையை எழுதிவிட்டு அதிலிருந்து பெயரை எடுப்பதே பாதுகாப்பான வழி. கதை மூன்று வாக்கியத்துக்குள் அடங்க வேண்டும்; விற்பவர் தட்டை எடுத்து வைக்கும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கும் அளவு அதுதான். முதல் வாக்கியம் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும். இரண்டாவது அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும். மூன்றாவது மணமகள் அதை எப்போது அணிவாள் என்று சொல்லும்.

‘பிறை’ வரிசையின் அட்டை இப்படி அமையும்: “வகிட்டின் வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன், நடுவில் நெற்றிச்சுட்டி. கோயில் திருமேனிக்கும் பரதநாட்டிய மேடைக்கும் உரிய இந்தத் தலை அணியில் சிவப்புக் கெம்புக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. முகூர்த்த நேரத்தில், கூரைப்புடவையோடு அணிவதற்காக.”

‘சிறுவாடு’ அட்டை: “பதினொரு காசும், மேலும் காசு கோக்கப் பத்து வளையங்களும் உள்ள மாலை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண்கள் சேர்த்த பணத்துக்கு நம் வீடுகளில் சிறுவாடு என்று பெயர். தாய் மகளுக்குக் கொடுத்து, ஒவ்வொரு திருமண நாளிலும் ஒரு காசு சேர்ப்பதற்காக.”

மூன்றாவது வாக்கியம் அலங்காரத்துக்காக எழுதப்படுவது அன்று. வரிசைகள் ஒன்றையொன்று தின்னாமல் இருப்பது அதனால்தான். ‘அரும்பு’ நிச்சயதார்த்தத்துக்கும் நலங்குக்கும், ‘பிறை’ முகூர்த்தத்துக்கு, மெல்லிய நிறப் புடவையோடு இசையும் ‘கொற்கை’ மாலை வரவேற்புக்கு, ‘சிறுவாடு’ தாய் கொடுக்கும் பரிசு. நான்கும் நான்கு நேரத்துக்கு உரியவை ஆகும்போது, வாங்குபவர் ஒன்றை விட்டு இன்னொன்றை எடுக்க வேண்டிய நெருக்கடி குறைகிறது. இரண்டு வரிசைகளின் மூன்றாம் வாக்கியம் ஒன்றாக இருந்தால், அவை இரண்டும் உண்மையில் ஒரே வரிசை என்று அறியலாம்.

பெயரைச் சோதித்தல்

பெயர்ப் பட்டியல் கையில் வந்ததும் அதை உடைத்துப் பார்க்க வேண்டும். மிகப் பயனுள்ள சோதனை, இடம் மாற்றிப் பார்ப்பது. இரண்டு வரிசைகளின் பெயரை மாற்றி வைத்து, விற்பவரிடம் கதை சொல்லச் சொல்ல வேண்டும். முத்தாரத்தைக் காட்டி ‘பிறை’ என்றால் கதை தடுக்கி நிற்கும்; ஆகவே அந்தப் பெயர் நல்ல பெயர். ஒரு வரிசைக்குச் ‘சோழர்’ என்றும் இன்னொன்றுக்குக் ‘குந்தவை’ என்றும் பெயர் வைத்திருந்தால், மாற்றி வைத்தாலும் அதே கதையைத் தடையின்றிச் சொல்லலாம். வேறு கடையின் ஆரத்துக்கும் அது பொருந்தும். அப்படியானால் பெயரில் கதை இல்லை, ஒலி மட்டும்தான் இருக்கிறது.

அடுத்தது காதுச் சோதனை. பெயரைத் தொலைபேசியில் ஒருவரிடம் சொல்லி, எழுதச் சொல்ல வேண்டும். வரிசைப் பெயர் விளம்பரத்திலும் ரசீதிலும் ஆங்கில எழுத்திலும் வரும் என்பதால், அந்த எழுத்தில் எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கவும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பெயர்களில் ழகரம் இங்கேதான் அடிபடும். மல்லிகை வரிசைக்குத் ‘தாழை’ என்று ஒரு மாற்றுப் பெயர் யோசித்ததாகக் கொள்வோம். ‘Thazhai’ என்று எழுதினால் வெளிமாநிலத்தவர் வாயில் அது உருமாறும். ‘Thalai’ என்று எழுதினால் தமிழரே ‘தலை’ என்று படிப்பார்கள். ‘Korkai’, ‘Arumbu’, ‘Pirai’ மூன்றும் எழுதியபடி திரும்பி வருகின்றன. ‘Siruvadu’ என்பதில் நெடில் தெளிவாகத் தெரியாததால், ‘Siruvaadu’ என்ற ஒரே எழுத்துக்கூட்டை எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வது அவசியம். வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் பெயர்களாக இருந்தால் இன்னும் நல்லது. விலைச்சீட்டில் KO-07, AR-03 என்று குறியீடு போடும்போது குழப்பம் வராது.

மூன்றாவது சோதனை பெரியவர்களுடையது. கடையில் வேலை செய்யும் வயதானவர், வாடிக்கையாக வரும் பாட்டி, கல்யாண வேலை எடுத்துச் செய்பவர் ஆகியோரிடம் பெயரைச் சொல்லி, உடனே நினைவுக்கு வருவது எது என்று கேட்க வேண்டும். ‘தாழை’ இங்கும் தட்டும். மணமகளின் சடையில் தாழம்பூ வைத்துத் தைப்பது பழைய வழக்கம்தான். ஆனால் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவபூசைக்கு விலக்கப்பட்ட பூ என்ற புராணக் கதையும் அதனுடன் வரும். ‘சிறுவாடு’ என்ற பெயரில் ‘வாடு’ தனியாக ஒலிக்கிறதா என்பதும் இங்கேதான் தெரிய வேண்டும். சொல்லைத் தெரிந்தவர் அதை ஒரே மூச்சில் சொல்வார். அவருக்கு அது சேமிப்புத்தான். சொல் தெரியாத இளையவர்தான் பிரித்துப் படிப்பார். அதனால் இந்த ஒரு பெயரை மட்டும் அட்டையில் கதை இல்லாமல் தனியாக விளம்பரத்தில் போடக் கூடாது என்பது முடிவு.

இலக்கியப் பெயர்கள் இந்தச் சோதனையில் அதிகம் தோற்கின்றன. ‘சிலம்பு’ என்பதைவிட இனிய ஒலி நகைக்கு அமையாது. ஆனால் அந்தச் சொல் சிலப்பதிகாரத்தைக் கூட்டி வரும். கணவனைப் பறிகொடுத்தவளின் கையில் இருந்த சிலம்பைக் கூட்டி வரும். அது காவியத்துக்குப் பெருமை, தாலி கட்டும் நாளுக்குப் பொருந்தாது. ஒரு பெயரை எடுக்கும் முன் அந்தக் கதை எங்கே போய் முடிகிறது என்று கடைசி வரை படித்துப் பார்க்க வேண்டும்.

தெய்வப் பெயர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. வரிசைக்கு அம்மன் பெயர் வைத்தால், அந்த வரிசையில் கொலுசோ மெட்டியோ சேரும்போது தெய்வப் பெயர் காலுக்குப் போகும். ஒரு சமூகத்தின் சடங்கு நகையும் அப்படியே. நகரத்தார் திருமணத்தில் கட்டும் கழுத்துரு அவர்களுக்குத் தாலிக்கு ஒப்பானது. அதன் பெயரைப் பொதுவான ஒரு ஆரத்துக்கு வைப்பது அந்த வீடுகளைப் புண்படுத்தும்.

சட்டம் சொல்வது

பெயர் முடிவானதும் அதை வேறு யாரும் பதிவு செய்திருக்கிறார்களா என்று வணிகக்குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் பார்க்கலாம். நகைகள் 14ஆம் வகுப்பில் வரும். ஒலி ஒத்த பெயர்களையும் வெவ்வேறு எழுத்துக்கூட்டில் தேட வேண்டும். 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி, பொருளின் வகையையோ தன்மையையோ தோன்றிய ஊரையோ மட்டும் குறிக்கும் சொல்லைப் பதிவது கடினம். அதனால் ‘காசுமாலை’ யாருக்கும் சொந்தமாகாது. ‘கொற்கை’க்கும் ஊர்ப்பெயர் என்ற தடை எழக்கூடும், கடையின் பெயரோடு சேர்த்து ஒரே குறியாகப் பதிவுக்குக் கொடுப்பது ஒரு வழி. ‘சிறுவாடு’ நகையின் வகையையும் ஊரையும் சொல்லாததால் அதற்கு இந்தத் தடை குறைவு. சமய உணர்வைப் புண்படுத்தக்கூடிய பெயர்களுக்கும் பதிவு மறுக்கப்படும்.

புவிசார் குறியீடு பெற்ற பெயர்கள் வேறு கதை. நாகர்கோவில் கோயில் நகைகளுக்கு அந்தக் குறியீடு இருக்கிறது. வடசேரிக் கைவினைஞர்களின் வேலை அது. வேறு ஊரில் செய்த கெம்பு நகையை ‘நாகர்கோவில்’ என்ற பெயரில் விற்க முடியாது. கற்பனைக் கடை தன் தலை அணிகளுக்கு ஊர்ப்பெயரை விட்டுப் ‘பிறை’ என்ற பெயரைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயரைப் பதிவதால் வடிவம் பாதுகாக்கப்படுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதிய வடிவத்துக்கு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு உண்டு. ஆனால் அதைக் கடையில் வெளியிடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். வெளியே காட்டிவிட்ட வடிவம் புதியது ஆகாது.

பரல் எது என்பது கதையில் இருக்க வேண்டும்

வரிசைப் பெயரில் நேரும் மிகக் கடுமையான பிழை, கதை நகையை மிஞ்சுவது. ‘கொற்கை’ என்ற பெயரைக் கேட்பவர், கோத்திருக்கும் முத்து தூத்துக்குடிக் கடலில் எடுத்தது என்று நினைத்தால் அது அவர் குற்றமன்று. மன்னார் வளைகுடாவில் தமிழகக் கரையின் முத்துக்குளிப்பு 1960களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இன்று கடைக்கு வருவது பெரும்பாலும் பண்ணைகளில் வளர்த்த முத்து. ஆகவே அட்டை “கொற்கை முத்து” என்று எழுதக் கூடாது. “முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கையின் நினைவாக, கோத்திருப்பவை வளர்ப்பு முத்துகள்” என்று எழுத வேண்டும். கதை சற்றும் சுருங்கவில்லை, வாங்குபவரும் ஏமாறவில்லை.

கெம்பும் இப்படித்தான். செயற்கைக் கல்லும் கெம்பு என்றே கடைகளில் வழங்குவதால், அட்டையில் ‘மாணிக்கம்’ என்று எழுதுவதற்கு முன் பதித்தது எது என்று பட்டறையில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கல்லின் எடை பொன்னின் எடையில் சேராமல் தனியாகக் காட்டப்பட வேண்டும். தங்கத்தின் தூய்மையைச் சொல்வது வரிசைப் பெயரின் வேலை அல்ல; 22 காரட்டுக்கு உரிய 916 என்ற குறியும், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக உள்ள ஆறு எழுத்தெண் கொண்ட ஹால்மார்க் அடையாளமும் அதைச் சொல்லும். பெயர் சூட்டிய வரிசை என்பதற்காகச் செய்கூலியும் சேதாரமும் கூடியிருந்தால், அதற்கான காரணம் செய்த வேலையில் இருக்க வேண்டும். ஒரே வேலைப்பாடு உள்ள இரண்டு அட்டிகைகளில் பெயர் உள்ளது மட்டும் விலை கூடியிருந்தால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தவை. ஒன்றின் பரல் மாணிக்கம், மற்றதன் பரல் முத்து. உள்ளே இருப்பது எது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. உடைத்தபோது சொன்னது உண்மை என்று தெரிந்தது. மணநாளுக்கு அந்தப் பெயர் ஆகாது என்றாலும், நகைக்கதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் அதுதான். உடைத்துப் பார்த்தாலும் சொன்ன பரல் உள்ளே இருக்க வேண்டும்.

பருவம் முடிந்த பிறகு

பங்குனி முடிவில் ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு விற்றது என்று பார்ப்பதோடு, வாடிக்கையாளர் அதை எந்தப் பெயரால் கேட்டார் என்பதையும் விற்பனையாளரிடம் கேட்டுக் குறிக்க வேண்டும். “அந்த முத்து வைத்தது” என்று கேட்டிருந்தால் ‘கொற்கை’ இன்னும் பதியவில்லை. “சிறுவாடு மாலைக்கு இன்னொரு காசு வேணும்” என்று ஒருவர் திரும்பி வந்திருந்தால் அந்தப் பெயர் வீட்டுக்குள் போய்விட்டது. பதிந்த பெயரை அடுத்த பருவத்திலும் தொடரலாம். ஆனால் புதிதாக வரும் வடிவம் அந்த வரிசைக்குள் சேர வேண்டுமானால், அதே மூன்று வாக்கியத்தை அதன் மேல் விரல் வைத்துச் சொல்ல முடிய வேண்டும். அரும்பு இல்லாத அட்டிகை நன்றாக விற்கும் என்பதற்காக ‘அரும்பு’க்குள் நுழைந்தால், இரண்டு பருவத்தில் அந்தப் பெயர் எதையும் குறிக்காமல் போகும். அத்தகைய நகைக்கு வேறு வரிசை தேட வேண்டும். இல்லாவிட்டால் மாங்காய் மாலையைப் போல அதன் சொந்த வகைப் பெயரிலேயே விட்டுவிட வேண்டும்.